உங்கள் வீட்டு எல்லை எந்த நள்ளிரவில் மாறுகிறது?

2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளான் நகராண்மைக் கழகம், கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கிள்ளான் மாநகரமாயிடுச்சே, எங்க தாமானும் இனிமே கிள்ளான்ல சேர்ந்திடுமா?" கேட்டவர்களில் பலர் கோத்தா கெமுனிங் பக்கம் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக் கிராண்டில் கிள்ளான் மாவட்டம் என்று இருக்கும். மதிப்பீட்டு வரி பில்லோ ஷா ஆலாமிலிருந்து வரும். குழப்பம் வருவது நியாயம்தான்.

நான் பல ஆண்டுகளாக நிலம், வீடு கைமாறும் பத்திரங்களைப் பார்க்கும் குமாஸ்தா. ஒரு வீட்டை விற்கும்போது நில வரி கட்டிய ரசீதும் வேண்டும், மதிப்பீட்டு வரி கட்டிய ரசீதும் வேண்டும். வீடு எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பது தெரியாமல் இந்த வேலை ஒரு நாளும் நகராது. அதனால் எல்லையை மாற்றும் கெஜட் அறிவிப்புகளைப் படிப்பது எனக்குப் பழகிவிட்டது. நம் நாட்டில் எல்லோரும் "வார்த்தா" என்று சொல்கிறோமே, அதேதான். அது எப்படி ஒரு ஊரின் கோட்டை நகர்த்துகிறது, எந்த நாளில் நகர்த்துகிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் மேலே கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை, சேராது. ஓர் ஊராட்சியின் பெயர் ஒன்று, தகுதி ஒன்று, எல்லை ஒன்று. மூன்றும் தனித்தனிச் சமாசாரம். நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாவது தகுதி மாற்றம். பெயர்ப்பலகையும் கடிதத் தலைப்பும் மாறும். அதனால் மட்டும் கோடு ஓர் அடிகூட நகராது. கோடு நகர வேண்டுமானால், "எல்லை மாற்றப்படுகிறது" என்று சொல்லும் அறிவிப்பு தனியாகக் கெஜட்டில் வர வேண்டும்.

கிள்ளான் கோடு நகர்ந்த கதை

எல்லை என்பது ஆறு, மலை போல இயற்கையாக இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். கிள்ளானின் கதையைப் பார்த்தால் அது அப்படியில்லை என்பது விளங்கும்.

1890-இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் கிள்ளானுக்கு ஒரு சுகாதார வாரியம் அமைந்தது. குப்பை, சாக்கடை, சந்தை இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இந்த வாரியத்தின் வேலை எதுவரைக்கும் என்று கேட்டால் பதில் வேண்டுமே. அதனால் கிள்ளான் பட்டணத்தின் எல்லை 1895-இல் முதன்முதலாகக் கெஜட்டில் ஏறியது. அப்போது கப்பல் வரும் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், இதில் சேரவில்லை. 1926-இல்தான் இரண்டு இடத்து வாரியங்களும் ஒன்றாயின. 1971-இல் காப்பார், மேரு, போர்ட் கிள்ளான் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட மன்றம் வந்தது. 1977 ஜனவரி 1-ஆம் தேதி அது கிள்ளான் நகராண்மைக் கழகமாயிற்று.

அடுத்த ஆண்டு, 1978 டிசம்பர் 7-இல், பக்கத்தில் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராகித் தனக்கென ஒரு நகராண்மைக் கழகத்தோடு எழுந்தது. பழைய தோட்டங்கள் தாமான்களாக மாற மாற, கிள்ளான் மாவட்டத்து நிலத்தின் ஒரு பகுதி ஷா ஆலாம் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கும் நிலை உருவானது. கோத்தா கெமுனிங் அதற்கு நல்ல உதாரணம்.

இத்தனை மாற்றங்களிலும் ஆறு அதே இடத்தில்தான் ஓடியது, வீடுகளும் அதே இடத்தில்தான் நின்றன. மாறியது காகிதத்தில் இருந்த கோடு மட்டுமே. ஆனால் அந்தக் கோடுதான் உங்கள் குப்பையை யார் எடுப்பது, கடைக்கு யார் லைசென்ஸ் கொடுப்பது, வீட்டுக்குப் பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

அறிவிப்பில் என்ன இருக்கும்?

தீபகற்ப மலேசியாவில் இதற்கெல்லாம் அடிப்படை, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். சட்ட எண் 171. இதன் 3-ஆம் பிரிவு, ஓர் இடத்தை ஊராட்சிப் பகுதி என்று அறிவிக்கவும், அதற்குப் பெயர் வைக்கவும், எல்லை வரையவும், அது நகராண்மைக் கழகமா மாவட்ட மன்றமா என்று முடிவு செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஊராட்சி அமைச்சரையும் தேர்தல் ஆணையத்தின் செயலாளரையும் கலந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஏற்கெனவே இருக்கும் மன்றத்தின் எல்லையை மாற்றுவது 4-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு பிரிவிலும் வழி ஒன்றேதான், கெஜட் அறிவிப்பு. ஆட்சிக்குழுக் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதாது. மந்திரி புசார் மேடையில் சொன்னாலும் போதாது. பத்திரிகையில் நாங்கள் கொட்டை எழுத்தில் போட்டாலும் போதாது. கெஜட்டில் அச்சாகும் வரை சட்டத்தின் கண்ணில் பழைய கோடுதான் கோடு.

அந்த அறிவிப்பைக் கையில் எடுத்தால் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். நான் அதை நான்கு துண்டாகப் பிரித்துப் படிப்பேன்.

முதல் துண்டு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு கொடுத்த அதிகாரத்தில் இது வருகிறது என்று சொல்லும் வரி. 4-ஆம் பிரிவு என்று இருந்தால், ஏற்கெனவே உள்ள மன்றத்தில்தான் மாற்றம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது துண்டுக்குப் பெயரும் தொடக்கமும் என்று தலைப்பு இருக்கும். மலாய் மொழியில் "நாமா டான் பெர்முலாஆன் குவாட் குவாசா" என்பார்கள். எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பது இங்கேதான் இருக்கும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது துண்டு அட்டவணை, மலாயில் "ஜடுவால்". எந்த மாவட்டம், எந்த முக்கிம், எங்கே தொடங்கி எந்தத் திசையில் எதை ஒட்டிப் போகிறது என்று கோட்டை வார்த்தையில் வருணித்திருப்பார்கள். இதை அவசரமாகப் படிக்கக் கூடாது. எல்லை ஒரு சாலையை ஒட்டிப் போகிறது என்றால், சாலையின் நடுவிலா, இந்த ஓரத்திலா, அந்த ஓரத்திலா என்று பார்க்க வேண்டும். ஆற்றை ஒட்டிப் போனாலும் அப்படியே. சாலையின் அந்த ஓரம் என்று இருந்தால், விளக்குக் கம்பம் முதல் தெருக்குழி வரை சாலை முழுவதும் ஒரு மன்றத்தின் பொறுப்பு. நடுக்கோடு என்று இருந்தால், குழி எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துத்தான் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது துண்டு வரைபடம். அட்டவணையின் முடிவில் "பெலான் வார்த்தா" என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அந்தப் படம் கெஜட் பக்கத்தில் பெரும்பாலும் அச்சாகியிருக்காது. நில அளவை இலாகாவில் வைக்கப்பட்டிருக்கும். வார்த்தையில் தெளிவில்லாத இடத்தில் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் லாட் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால், கூகள் வரைபடத்தைக் காட்டி யாரிடமும் வாதாடிப் பயனில்லை. பெலான் வார்த்தாவில் உங்கள் லாட் எண் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே பேச்சு.

எந்த நாள், எந்த மணி?

இப்போது தேதிக்கு வருவோம். ஒரு கெஜட் அறிவிப்பில் குறைந்தது இரண்டு தேதி இருக்கலாம். ஒன்று, கெஜட் வெளியான தேதி. அது பக்கத்தின் மேலே இருக்கும். இன்னொன்று, அறிவிப்பு நடப்புக்கு வரும் தேதி. அறிவிப்பின் கடைசியில், கையெழுத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கும். அது அறிவிப்பு எழுதப்பட்ட நாள். பலர் இந்த மூன்றாவது தேதியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே எல்லை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் எல்லைக்கும் சம்பந்தம் இல்லை.

சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்ல நம் நாட்டில் ஒரு தனிச் சட்டமே உண்டு. 1948, 1967-ஆம் ஆண்டுகளின் பொருள் விளக்கச் சட்டங்கள், சட்ட எண் 388. அதன் 19-ஆம் பிரிவில் மூன்று விதமான நிலைமைக்கும் விடை கிடைக்கிறது. ஓர் உதாரணம் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு தாமானை ஒரு மன்றத்திலிருந்து இன்னொரு மன்றத்துக்கு மாற்றும் அறிவிப்பு, ஒரு வருடம் மே மாதம் 15-ஆம் தேதிக் கெஜட்டில் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அறிவிப்பில் நடப்புக்கு வரும் தேதி எதுவுமே சொல்லவில்லை என்றால், வெளியான நாளுக்கு அடுத்த நாள், அதாவது மே 16, அது நடப்புக்கு வரும். 15-ஆம் தேதி முடிந்து நள்ளிரவு 12 மணி ஆனவுடனே தாமான் புதிய மன்றத்துக்குப் போய்விடும். காலையில் ஆபீஸ் திறக்கும் வரை காத்திருப்பதில்லை. முந்திய நாள் முடிந்த கணமே நடப்புக்கு வரும் என்று சட்டமே சொல்கிறது.

அடுத்த ஜனவரி 1-இல் நடப்புக்கு வரும் என்று சொல்லியிருந்தால், மே 15 முதல் டிசம்பர் 31 வரை ஒன்றும் மாறாது. கெஜட் வந்துவிட்டது, ஆனால் கோடு பழைய இடத்தில்தான் இருக்கிறது. இந்த இடைப்பட்ட ஏழு மாதத்தில் பழைய மன்றம் போடும் அபராதம் செல்லும், கொடுக்கும் லைசென்ஸ் செல்லும், வாங்கும் வரியும் செல்லும். "கெஜட் ஆயிடுச்சே, நான் ஏன் இவனுக்குக் கட்டணும்?" என்று கேட்டு வரியை நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணம்தான் மிஞ்சும்.

மூன்றாவது நிலைமை கொஞ்சம் சிக்கலானது. மே 15-இல் வெளியான அறிவிப்பு, "அதே ஆண்டு ஜனவரி 1-இலேயே நடப்புக்கு வந்ததாகக் கருதப்படும்" என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மலாய்ச் சொல்லைத் தேடினால் போதும், "டிசிஃபாட்கான்". இந்தச் சொல் இருந்தால் அறிவிப்பு பின்னோக்கிப் போகிறது என்று அர்த்தம். அப்படிச் செய்ய முடியுமா என்றால் முடியும். அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. மூலச் சட்டம் நடப்புக்கு வந்த நாளுக்கு முன்னால் மட்டும் போகக் கூடாது.

ஆனால் அதே பிரிவில் சாதாரண மக்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. கெஜட் வெளியாவதற்கு முந்திய நாட்களில் செய்த செயலுக்காக யாரையும் தண்டனைக்கு உட்படுத்த முடியாது. எல்லை ஜனவரி 1-இலேயே மாறிவிட்டதாகக் கருதப்படலாம். ஆனால் ஜனவரியிலிருந்து மே 15 வரை நீங்கள் புதிய மன்றத்தின் லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தினீர்கள் என்று சொல்லி அபராதம் போட முடியாது. அச்சில் இல்லாத ஒரு கோட்டை யாரும் பார்த்து நடந்திருக்க முடியாது என்பதுதான் இதன் நியாயம்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் நியாயம் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு எல்லையோரத் தாமான் ஒன்றில் சின்ன உணவுக்கடை நடத்திய ஓர் அம்மா எங்களிடம் வந்தார். மன்றத்தின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. கையில் அபராதச் சீட்டு. புதிதாக அந்த இடத்தைப் பொறுப்பேற்ற மன்றத்தின் லைசென்ஸ் இல்லை என்று போட்டது.

"ஐயா, நான் பழைய மன்றத்துல லைசென்ஸ் எடுத்துத்தான் வெச்சிருக்கேன். வருஷம் முடியல. இவங்க எங்கிருந்து வந்தாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

"சீட்டுல தேதி என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

தேதியைப் பார்த்து, கெஜட்டையும் எடுத்துப் பார்த்தோம். எல்லை மாற்றம் பின்தேதியிட்டு வந்திருந்தது. சீட்டில் குறிப்பிட்ட குற்றம் நடந்ததாகச் சொன்ன நாளோ கெஜட் வெளியாவதற்கு முந்தியது. கெஜட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து, வெளியான தேதியின் கீழே கோடு போட்டு, 20-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அபராதம் ரத்தானது. அதே கடிதத்தில் வரும் மாதங்களுக்குப் புதிய லைசென்ஸ் வாங்கவும் விண்ணப்பித்தோம். காரணம், வெளியான நாளுக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஜனவரி 1 ஏன் வசதி?

எல்லை எந்த நாளிலும் மாறலாம் என்றாலும், பெரிய மாற்றங்கள் ஆண்டின் முதல் நாளில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். கிள்ளான் நகராண்மைக் கழகம் 1977 ஜனவரி 1. இருபது ஆண்டு கழித்து வந்த இன்னொரு பெரிய மாற்றமும் 1997 ஜனவரி 1.

அந்த 1997-ஆம் ஆண்டு மாற்றம் கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கானவர்களைத் தொட்டது. அதுவரை பெட்டாலிங் மாவட்ட மன்றம் என்று ஒன்று இருந்தது. சுபாங் ஜெயா, பூச்சோங், ஸ்ரீ கெம்பாங்கான், டாமான்சாரா பக்கம் என்று பரந்து கிடந்தது. பழைய ரப்பர்க் காடும் ஈயக் குட்டையும் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்து, மாவட்ட மன்றம் தாங்க முடியாத அளவுக்கு ஜனம் பெருகியது. அன்றைக்கு அந்த மன்றம் இல்லாமல் போனது. சுபாங் ஜெயா, பூச்சோங், ஸ்ரீ கெம்பாங்கான் பகுதிகளுக்காகச் சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் பிறந்தது. பண்டார் உத்தாமா உள்ளிட்ட டாமான்சாரா பகுதிகள் பெட்டாலிங் ஜெயாவோடு சேர்ந்தன. வேறு சில பகுதிகள் ஷா ஆலாமுக்குப் போயின.

பூச்சோங்கில் ஒரு வீட்டுக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. முதல் அரையாண்டுக்கு பிப்ரவரி கடைசிக்குள், இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு கடைசிக்குள் கட்டுவது வழக்கம். எல்லை ஜனவரி 1-இல் மாறினால் கணக்கு சுத்தமாகப் பிரிகிறது. 1996-ஆம் ஆண்டின் கடைசித் தவணை பழைய மன்றத்தின் கணக்கு, 1997-இன் முதல் தவணை புதிய மன்றத்தின் கணக்கு. மார்ச் நடுவில் மாறியிருந்தால் ஒரே அரையாண்டு வரியை இரண்டு மன்றம் பங்கு பிரிக்க வேண்டிய தலைவலி வந்திருக்கும். கடை லைசென்ஸ்களும் பெரும்பாலும் டிசம்பர் 31-இல் முடிபவை. மன்றங்களின் கணக்காண்டும் அன்றே முடிகிறது. அதனால் ஜனவரி 1 எல்லோருக்கும் வசதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லை மாறிய மறுநாளே வரி ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். வரி கணக்கிடுவது மதிப்பீட்டுப் பட்டியலை வைத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டு வாடகை மதிப்பு என்ன என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்கும். புதிய பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும் என்பது 171-ஆம் சட்டத்தின் 137-ஆம் பிரிவு. மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கவும் செய்யலாம். எல்லை மாற்றம் அந்த மதிப்பைத் தானாக ஏற்றுவதில்லை. மதிப்பை ஏற்ற வேண்டுமானால் மன்றம் அதற்குரிய அறிக்கையை உங்களுக்கு அனுப்பி, ஆட்சேபம் சொல்ல அவகாசமும் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். எல்லை மாற்றத்தை உங்களால் நிறுத்த முடியாது. ஆனால் மதிப்பை எதிர்த்து எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

மாறாதவை எவை?

ஊராட்சி எல்லை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. கோத்தா கெமுனிங் வீட்டையே மறுபடி எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டு வரி ஷா ஆலாம் மாநகர் மன்றத்துக்கு. ஆனால் நிலம் கிள்ளான் மாவட்டத்தில் இருப்பதால் நில விவகாரத்துக்குக் கிள்ளான் நில அலுவலகம். நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் ஓட்டு கோத்தா ராஜா தொகுதியில். ஒரே வீடு, மூன்று விதமான கோடு. மூன்றையும் வரைவது வெவ்வேறு கை, வெவ்வேறு சட்டம்.

தேர்தல் தொகுதியின் எல்லையைத் தேர்தல் ஆணையம் தனியாக மறுசீரமைப்புச் செய்கிறது. அரசியல் சட்டப்படி ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும். நாடாளுமன்றமும் அதை ஏற்க வேண்டும். கடைசியாக 2018 மார்ச் 28-இல் மக்களவை ஏற்று, மறுநாள் கெஜட்டில் வந்தது. ஏப்ரல் 7-இல் நாடாளுமன்றம் கலைந்து, மே 9-இல் புதிய எல்லைகளில் தேர்தல் நடந்தது. கிள்ளான் வட்டாரத்தில் ஸ்ரீ அண்டாலாஸ் சட்டமன்றத் தொகுதி செந்தோசா ஆனதும், கோத்தா ஆலாம் ஷா பண்டார் பாரு கிள்ளான் ஆனதும் அப்போதுதான். அதற்கும் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கோலாலம்பூரின் நிலைமையோ முற்றிலும் வேறு. பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், "நாங்க இருக்கிற டிபிகேஎல் எல்லையை ஒரு கெஜட் போட்டு பெட்டாலிங் ஜெயா வரைக்கும் இழுத்திடலாமே" என்று வேடிக்கையாகச் சொல்வார். முடியாது. கோலாலம்பூர் மாநகரின் எல்லையும் கூட்டரசுப் பிரதேசத்தின் எல்லையும் ஒன்றே. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிலாங்கூர் மாநிலம். மாநில எல்லையைத் தொட வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் 2-ஆம் விதி வந்து நிற்கும். அந்த மாநிலத்தின் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிச் சம்மதிக்க வேண்டும். மலாய் ஆட்சியாளர்கள் மாநாடும் சம்மதிக்க வேண்டும்.

1974 பிப்ரவரி 1-ஆம் தேதி நடந்தது அதுதான். கோலாலம்பூர் அதுவரை சிலாங்கூரின் தலைநகரமாகவும் இருந்தது. 1972 பிப்ரவரி 1-இல் அதற்கு மாநகரத் தகுதி கிடைத்தபோது கோடு நகரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் சிலாங்கூர் கோலாலம்பூரை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதுதான் நகர்ந்தது. பழைய நகரம் சுமார் 93 சதுர கிலோமீட்டர். புதிய கூட்டரசுப் பிரதேசம் 243 சதுர கிலோமீட்டர்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய நகரத்துக்குள்ளேயே இருந்தது. ஆகவே அங்கிருந்தவர்களுக்கு அந்த நள்ளிரவில் மாநிலம் மட்டும் மாறியது. குப்பை எடுத்ததும் லைசென்ஸ் கொடுத்ததும் அதே மாநகராட்சிதான். பழைய கோட்டுக்கு வெளியே இருந்து உள்ளே வந்த கெப்போங் போன்ற இடங்களிலோ மாநிலமும் மாறியது, ஊராட்சியும் மாறியது. தலைநகரை இழந்த சிலாங்கூர் சில காலம் கிள்ளானைத் தலைநகராக்கிக்கொண்டு, பிறகு ஷா ஆலாமுக்குப் போனது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் நடுவே நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச் சின்னம்.

நீங்களே பார்க்க

உங்கள் தாமான் மாறப் போகிறது என்று யாராவது சொன்னால், முதலில் ஆட்சிக்குழு முடிவா, கெஜட் அறிவிப்பா என்று கேளுங்கள். கெஜட் என்றால் அதன் எண்ணையும் வெளியான தேதியையும் கேளுங்கள். ஊராட்சி எல்லை மாநில விவகாரம். அதனால் மத்திய அரசின் இணையக் கெஜட்டில் தேடிவிட்டு "இல்லையே" என்று விட்டுவிடக் கூடாது. அது மாநிலக் கெஜட்டில் வரும். மன்றத்தின் சட்டப் பிரிவில் கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டும். அபராதமோ வரி பில்லோ வந்திருந்தால் எழுத்திலேயே கேளுங்கள்.

பக்கம் கிடைத்ததும் நடப்புக்கு வரும் தேதியைத் தேடுங்கள். தேதி இருந்தால் அதுதான். இல்லையென்றால் வெளியான நாளுக்கு மறுநாள். "டிசிஃபாட்கான்" இருந்தால் பின்தேதி. பிறகு அட்டவணையில் உங்கள் முக்கிமையும், வரைபடத்தில் உங்கள் லாட் எண்ணையும் பாருங்கள். லாட் எண் உங்கள் கிராண்டில் இருக்கும். வீட்டு எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது.

மாற்றம் உறுதி என்றால், அந்தத் தேதிக்கு முந்திய வரி ரசீதுகளையும் லைசென்ஸ் நகல்களையும் கட்டட அனுமதிக் கடிதங்களையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மன்றம் கலைந்து போனாலும் அதன் உரிமைகளும் பொறுப்புகளும் அடுத்த மன்றத்துக்குப் போகும்படி சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் பழைய கோப்புகள் எல்லாம் பத்திரமாக இடம் மாறும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. வீட்டை விற்கும் நாளில், "பின்னால் கட்டிய அடுப்படிக்கு அனுமதி எங்கே?" என்று புதிய மன்றம் கேட்கும். பழைய மன்றத்தின் முத்திரை போட்ட ஒரு தாள் உங்களிடம் இருந்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். இல்லாமல் அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.